மங்கைக்கு ஒரு கடிதம்

நீடாமங்கலம்
புரட்டாசி 12, செப்டம்பர் 28, ஞாயிறு

அன்புள்ள மங்கை,

நலம்தானே? இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

உன் வீட்டில் பால் காய்ச்சிய அன்று நான் வரவில்லை. போனிலும் இரண்டு வார்த்தையோடு வைத்துவிட்டேன். ராஜி சொன்னாள், சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு ஒரு இலை போட்டு வைத்திருந்தாயாம். அதைக் கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. என்ன நடந்தது என்று முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆடி மாதத்தில் ஒரு பெண் போன் பண்ணினாள். கல்யாணப் பெண்ணின் அக்கா. பட்டு ரவிக்கைக்கு ஆரி வேலை, இரண்டு கை, முதுகுக் கழுத்து. "ஆவணி பத்தொன்பது கல்யாணம்" என்றாள். நான் மில்லில் லோடு இறங்கும் சத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். மனதில் பத்தொன்பது மட்டும் நின்றது. இரவு வீட்டுக்கு வந்து நோட்டில் "செப்டம்பர் 19" என்று எழுதினேன். ஆவணி 19 என்றால் செப்டம்பர் 4. செப்டம்பர் 19 புரட்டாசி மூன்றாம் தேதி. புரட்டாசியில் யார் கல்யாணம் வைப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த அக்கா, "ரவிக்கையை நாளைக்கு வாங்கிக்கலாமா?" என்று கேட்கிறாள். துணி வந்த பையிலேயே இருக்கிறது. அளவு ரவிக்கையைக்கூட நான் வெளியே எடுக்கவில்லை.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் லீவு போட்டேன். குறுவை நெல் வரத் தொடங்கிய நேரம், மூன்றாவது நாள் கேட்க முடியாது. உன் வீட்டு வியாழக்கிழமை அப்படித்தான் போனது. முதுகு வேலையைக் கைவிட்டு, கைகளுக்கு மட்டும் பார்டர் போட்டேன். செவ்வாய் மாலை தையல்காரரிடம் கொடுத்து, அவர் இரவோடு இரவாகத் தைத்தார். புதன் மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முன்பணம் 1,250 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதை நினைத்தால் இன்னும் தொண்டை அடைக்கிறது.

அத்தோடு போகவில்லை. ஆரியில் சங்கிலித் தையல் எப்படியென்றால், ஒரு வளையத்துக்குள் அடுத்த வளையம். கடைசி வளையத்தின் மேல் ஒரு சின்னக் குத்துக் குத்தி, நூலைத் துணிக்கு அடியில் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். அது விட்டுப்போனால் எத்தனை நீளத் தையலும் கடைசியிலிருந்து சரசரவென்று உருவிக்கொண்டு வரும். திங்கள் இரவு ஒரு மணிக்குப் போட்ட வரிசையில் எனக்கு அது விட்டுப்போயிருக்கிறது. புதன் மாலை வரவேற்பில் வளையல் மாட்டி, வலது கையில் ஒரு வரிசை முழுக்கக் கையோடு வந்துவிட்டதாம்.

நீ முறுக்கு வியாபாரம் ஆரம்பிக்கப்போகிறேன் என்று சொன்னாயே, அதனால்தான் அப்புறம் நான் என்ன செய்தேன் என்பதை விவரமாக எழுதுகிறேன். கணக்கு வாத்தியார் முன்னால் நீ முழித்த மாதிரி முழிக்காமல் படி.

முதலில் என் கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று பார்த்தேன். இரண்டு வாரம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதினேன். ஒரு கல்யாண ரவிக்கைக்கு ட்ரேசிங்கும் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவதும் ஒரு மணி நேரம், கை ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம், முதுகு ஐந்து. ஆக 12. எனக்குக் கிடைப்பதோ வார நாளில் இரவு எட்டரையிலிருந்து பத்து, ஞாயிறு காலை ஐந்து மணி நேரம். கூட்டினால் பன்னிரண்டரை. வாரத்துக்கு ஒரு ரவிக்கை சரியாக வருகிறதே என்று தோன்றும். ஆனால் விருந்தாளி, கரண்ட் கட், அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போவது எல்லாம் இதற்குள்தான் வர வேண்டும். அதனால் ஒன்பது மணி நேரம்தான் உண்டு என்று வைத்துக்கொண்டேன். மாதத்துக்கு மூன்று ரவிக்கை. போன ஆவணிக்கு நான் வாங்கி வைத்திருந்தது ஐந்து! தேதி தப்பாமல் இருந்திருந்தாலும் ஏதாவது ஒன்று விழுந்திருக்கும்.

பத்து மணிக்கு மேல் ஏன் உட்காருவதில்லை என்று கேட்பாய். பத்துக்கு மேல் போட்ட தையலை மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு வளையம் அரிசி அளவு, அடுத்தது கோதுமை அளவு. அதைப் பிரிக்க அதைவிட அதிக நேரம். அந்த வாரம்தான் மில்லில் 17 மூட்டையை 71 என்று ஏற்றினேன். முதலாளி சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டார், திட்டவில்லை. "உடம்பு சரியில்லையாம்மா?" என்றார். சம்பளம் போடுகிற மனிதர் அப்படிக் கேட்டது எனக்குப் பெரிய உறுத்தல்.

இரண்டாவது, தேதி. இப்போது ஆர்டர் சொன்னவுடன் கல்யாணப் பத்திரிகையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன். அதில் தமிழ்த் தேதி, இங்கிலீஷ் தேதி, கிழமை மூன்றும் இருக்கும். மூன்றையும் நோட்டில் எழுதி, திருப்பி அவர்களுக்கே சொல்கிறேன். பத்திரிகை இன்னும் அடிக்கவில்லை என்றால் கிழமையையாவது கேட்டுவிடுவேன். முகூர்த்தத்துக்கா, முதல் நாள் வரவேற்புக்கா என்பதையும். அந்த நாளிலிருந்து பின்னால் எண்ணுகிறேன். போட்டுப் பார்த்துப் பிடித்துத் தைக்க ஒரு வாரம், தையல்காரருக்கு ஐந்து நாள், என் ஊசிக்கு ஒன்றரை வாரம். அந்த செப்டம்பர் 4 கல்யாணத்துக்கு நான் ஆகஸ்ட் 12 வாக்கில் துணியைச் சட்டத்தில் கட்டியிருக்க வேண்டும். ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியிலேயே ஊசி ஓட வேண்டும் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

மில்லின் கணக்கும் அதே நோட்டில் ஏறிவிட்டது. தை, மாசியில் சம்பா அறுவடை. இரவு எட்டு வரை லாரி நிற்கும். கல்யாணங்களும் அப்போதுதான். அந்த வாரங்களை இப்போதே சிவப்பில் அடித்துவிட்டேன். தைக்கு இரண்டுதான், இரண்டும் வந்துவிட்டன. மூன்றாவதாகக் கேட்டவரிடம் முடியாது என்றேன். சொல்லும்போது வயிறு பிசைந்தது, ஆனால் அவர் "பரவாயில்லை, பங்குனியில் தங்கச்சிக்கு" என்று பதிவு பண்ணிக்கொண்டார்.

ஒரு ஆளைச் சேர்த்துக்கொள் என்று நீ சொல்வாய். பக்கத்து வீட்டுப் பெண் நன்றாகப் போடுகிறாள். ஆனால் ஒரு கை நான், ஒரு கை அவள் என்றால் நூல் இழுப்பு வித்தியாசம் பார்த்தவுடன் தெரிகிறது. அதனால் கோடுகளை நான் போடுகிறேன், உள்ளே சுகர் பீட்ஸ் நிரப்புவதை அவளிடம் கொடுக்கிறேன். ரவிக்கைக்கு இரண்டு மணி நேரம் மிச்சம். அந்த நேரத்தில் தூங்குகிறேன்.

உன் முறுக்குக்கு எது அதிக நேரம் பிடிக்கிறது? மாவா, பிழிவதா, எண்ணெய்ச் சட்டியா? என் கணிப்பு சட்டிதான். ஒரு ஞாயிறு கடிகாரம் வைத்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை எடுக்க முடிகிறது என்று எழுதி அனுப்பு. அதற்கு முன்னால் தீபாவளி ஆர்டர் எதையும் ஒப்புக்கொள்ளாதே, உன் மாமியார் வீட்டுச் சொந்தக்காரர்கள் கேட்டாலும்.

ஐப்பசி முதல் ஞாயிறு திருவையாறு வருகிறேன். இலை போட்டு வை.

அன்புடன்,
சுமதி