பிடித்த வரியும் தாமதித்த பணமும்: கணக்குப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

ஃப்ரீலான்சர்கள் அனுப்பும் இன்வாய்ஸில் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவது சட்டம் உங்களுக்கு இட்ட கடமை. அதைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. பிடித்தமும் தாமதமும் ஒரே இன்வாய்ஸில் சேரும்போது எங்கள் கையில் உண்மையில் என்ன மிஞ்சுகிறது என்பது உங்கள் பேரேட்டில் தெரிவதில்லை. அந்தக் கணக்கை ஒருமுறை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஒரு வேலைக்கான கட்டணம் 1,00,000 என்றும், பிடித்த விகிதம் 10 சதவீதம் என்றும், பணம் தரவேண்டிய கெடு 30 நாள் என்றும் வைத்துக்கொள்வோம். விகிதம் நாட்டுக்கு நாடு மாறும். கணக்கு போடும் முறை மாறாது. நீங்கள் 10,000 பிடித்து 90,000 அனுப்புகிறீர்கள். ஆனால் அந்த வேலைக்காக உதவியாளர் கூலி, மென்பொருள், பயணம் என 60,000 ஏற்கெனவே செலவாகியிருந்தால், என் வருமானம் 40,000 மட்டுமே. வரி பிடிக்கப்படுவதோ இலாபத்தின் மீதன்று, முழுக் கட்டணத்தின் மீது. ஆகவே உங்கள் பார்வையில் பத்தில் ஒரு பங்காக இருக்கும் தொகை, என் பார்வையில் இலாபத்தில் நான்கில் ஒரு பங்கு. அந்த 40,000-க்கு நான் இறுதியில் கட்டவேண்டிய வரி 6,000-தான் என்றால், மீதி 4,000 எனக்குத் திரும்ப வரவேண்டும். ஆண்டு முடிந்து, கணக்குத் தாக்கல் செய்து, அது ஏற்கப்பட்ட பிறகே அது வரும்.

இனி தாமதத்தைச் சேர்த்துப் பாருங்கள். கெடு முடிந்து மேலும் மூன்று மாதம் கழித்துப் பணம் வருகிறது. செலவான 60,000-ஐ மாதம் ஒன்றரை சதவீத வட்டிக்குக் கடனாக வாங்கியிருந்தால், அந்த மூன்று மாதத்துக்கு 2,700 போய்விடுகிறது. செலவும் பிடித்தமும் போக மிஞ்சிய 30,000 இதனால் 27,300 ஆகிறது. பிடித்த வரி, கணக்கில் வரவு வைக்கப்பட்டால், என்றேனும் எனக்குப் பயன்படும். இந்த 2,700 எந்தக் காலத்திலும் திரும்பாது. நிறுவனங்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒரே 'கழிவு' என்று பேசுகின்றன, அது சரியன்று.

தாமத வட்டி கேட்கும்போது, "உங்களுக்குச் சேரவேண்டியது 90,000-தானே, அதற்கு மட்டும் வட்டி தருகிறோம்" என்ற பதில் வருவதுண்டு. பணம் தரும் நாளில்தான் வரி பிடிக்கப்படுகிறது என்றால், அதுவரை அந்த 10,000-மும் அரசிடம் என் பெயரில் சேர்ந்திருக்காது, உங்களிடமே இருக்கும். எனவே ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரையில், வட்டியை முழு 1,00,000-க்கும் கணக்கிடுவதே நியாயம்.

வரியாண்டின் கடைசி மாதத்தில் இன்வாய்ஸ் அனுப்பியவரின் நிலை இன்னும் சிக்கலானது. பணம் கைக்கு வரும் நாளில் வருமானத்தைப் பதிபவருக்கு இதில் பெரிய தொல்லை இல்லை. இன்வாய்ஸ் தேதியில் பதிபவருக்கோ வருமானம் இந்த ஆண்டில் விழுகிறது. நீங்கள் மூன்று மாதம் கழித்துப் பிடிக்கும் வரி அடுத்த ஆண்டுக்கான உங்கள் அறிக்கையில் ஏறுகிறது. இரண்டும் பொருந்தாதபோது, இன்னும் வராத பணத்துக்கான வரியைக் கைக்காசிலிருந்து கட்டிவிட்டு, பிடித்த தொகைக்கான வரவைப் பிறகு தேடி வாங்கவேண்டிய நிலை சிலருக்கு வருகிறது. பணம் வந்துவிட்டதே என்று மகிழ்ந்திருப்பவர், சில மாதங்கள் கழித்து வரித்துறைப் பதிவைத் திறந்து பார்க்கும்போதுதான், தன் வரி எண்ணில் ஓர் இலக்கம் தவறியதாலோ, பிடித்த வரி அரசுக்குச் செலுத்தப்படாததாலோ, அந்த 10,000 அங்கே இல்லாததை அறிகிறார். வரவு அங்கே தெரியாத வரையில் அந்தப் பத்தாயிரத்தை அவர் வருமானமாகவும் நம்ப முடியாது, இழப்பாகவும் எழுத முடியாது.

ஆகவே எங்கள் வேண்டுகோள்கள் சிலவே. பணம் அனுப்பும் நாளிலேயே இன்வாய்ஸ் எண், வரி எந்தத் தொகையின் மீது பிடிக்கப்பட்டது, எவ்வளவு, எந்த ஆண்டுக்கணக்கில் காட்டப்படும் ஆகிய விவரங்களை ஒரு வரியிலாவது எழுதி அனுப்புங்கள். வங்கியில் 90,000 என்று மட்டும் விழும்போது, குறைந்தது வரியா, பேரத்தில் வெட்டியதா என்று எங்களுக்குத் தெரிவதில்லை. கெடுவை இன்வாய்ஸ் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுங்கள். உள் ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து எண்ணினால் முப்பது நாள் எப்போது தொடங்குகிறது என்பதே எங்களுக்குத் தெரியாமல் போகிறது. இன்வாய்ஸில் குறை இருந்தால் அது வந்த முதல் வாரத்திலேயே சொல்லுங்கள். பிடித்த வரிக்கான சான்றிதழை, நாங்கள் மீண்டும் மீண்டும் கேட்கும்வரை காத்திராமல், அரசுக்கு அறிக்கை தாக்கல் செய்தவுடன் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
இன்வாய்ஸ் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் ஒரு ஃப்ரீலான்சர்