'சிறிய புற்றுநோய்' என்று அச்சிடாதீர்கள்

டர்பன் தமிழ்ச் சங்கச் செயற்குழுவில் இருக்கும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும்,

வணக்கம். தைப்பூசக் காவடியன்று கோயில் வாசலில் கொடுப்பதற்காக நீங்கள் தயாரித்திருக்கும் நுரையீரல் புற்றுநோய்த் துண்டறிக்கையின் மாதிரிப் பிரதி என் கைக்கு வந்தது. ஆங்கிலப் பக்கத்தில் எனக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. தமிழ்ப் பக்கத்தில் இரண்டு வரிகளைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. ஒன்று, 'புகையின் கரி நுரையீரலில் சேர்ந்து சேர்ந்து கட்டியாகிவிடுகிறது' என்பது. இன்னொன்று, 'நுரையீரல் புற்றுநோய் இரண்டு வகை: சிறிய புற்றுநோய், பெரிய புற்றுநோய்' என்பது.

நம் பேரப்பிள்ளைகள் ஆங்கிலப் பக்கத்தைப் படிப்பார்கள். தமிழ்ப் பக்கத்தைப் படிப்பவர்கள் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள், அதாவது அதிகம் புகைத்த தலைமுறை. அதனால்தான் இந்த மடல் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முப்பத்தொரு வருடம் திசு ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். மருத்துவர் இல்லை. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த துணுக்கை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரை 250 துண்டாக்கினால் எவ்வளவோ அந்த மெல்லிசுக்குச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. அதைப் பார்த்து என்ன நோய் என்று சொல்வது நோய்க்குறியியல் நிபுணர். ஆனால் முப்பது வருடம் பார்த்த கண்ணுக்கும் சில விஷயம் தெரிந்துவிடும்.

'சிறிய' என்ற சொல் எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று முதலில் சொல்கிறேன். 2013இல் என் அண்ணனுக்கு 61 வயது. பதினாறு வயதில் சிகரெட் பிடிக்கத் தொடங்கியவர், நாளுக்கு ஒரு பாக்கெட். துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை; கொதிகலன் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் உறை சுற்றுவதும் பழைய உறையைப் பிய்த்துப் போடுவதும். இருமல் வந்தது, உடம்பு இளைத்தது. பக்கத்துக் கிளினிக்கில் எக்ஸ்ரேயைப் பார்த்து டி.பி. என்றார்கள். சளியில் கிருமி இல்லை, ஆனாலும் மாத்திரை கொடுத்தார்கள். நம் ஊரில் இருமல் என்றால் முதலில் டி.பி.தான் நினைவுக்கு வரும், அதில் தப்பில்லை. நான்கு மாதம் மாத்திரை தின்றும் தேறவில்லை என்ற பிறகாவது யாராவது வேறு மாதிரி யோசித்திருக்க வேண்டும். அதில் என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில் முகமும் கழுத்தும் வீங்கி, கழுத்து நரம்பெல்லாம் புடைத்து எழுந்தார். வார்த்தை குழறியது. ஆஸ்பத்திரியில் இரத்தத்தில் சோடியம் பார்த்தார்கள்: 118. இருக்க வேண்டியது 135க்கு மேல். மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு, அரை அரிசி அளவுக்கு நாலு துணுக்கு எடுத்தார்கள். முடிவு: சிறு செல் புற்றுநோய்.

அண்ணி என்னைப் பார்த்து, "சின்னதுதானாம்மா, வெட்டி எடுத்துடுவாங்கல்ல?" என்றார். வெட்டவில்லை. எதிர்வீட்டு மாமா, அதே பட்டறையில் வேலை செய்தவர், அவருக்கு மூன்று சென்டிமீட்டர் கட்டி இருந்தது. அவருக்கு வெட்டினார்கள், இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறார். 'பெரியதை' வெட்டினார்கள், 'சின்னதை' வெட்டவில்லை; காசு இல்லாததால்தான் என்று தெரு முழுக்கப் பேச்சு. அண்ணி இன்றும் அதைத்தான் நம்புகிறார்.

'சிறு' என்பது கட்டியின் அளவு இல்லை. உருப்பெருக்கியில் தெரியும் ஒவ்வொரு செல்லின் அளவு. நம் இரத்தத்தில் இருக்கும் லிம்போசைட் என்ற வெள்ளணுவை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். அதைப்போல மூன்று மடங்குக்குள் அடங்கும் செல்கள் இவை. செல் முழுக்க உட்கருதான், சுற்றிலும் சதை என்று சொல்ல ஒன்றுமே இருக்காது. எங்கள் சாயத்தில் உட்கரு நீலம், மற்றது இளஞ்சிவப்பு; அதனால் சில்லை விளக்குக்கு நேரே வெறும் கண்ணால் தூக்கிப் பிடித்தாலே நீலப் பொட்டாகத் தெரியும். செல்கள் ஒன்றையொன்று நெருக்கி, சட்டியில் அடைத்த மாவுருண்டை போல ஒன்றின் வடிவத்தை மற்றது அழுத்தி மாற்றியிருக்கும். தொட்டால் நசுங்கிவிடும் அளவுக்கு மென்மை; துணுக்கு எடுக்கும்போதே நீலக் கோடாக இழுபட்டுப் போவதுண்டு. அப்படி நசுங்கியதை வைத்து முடிவு சொல்ல முடியாமல் மறுபடி துணுக்கு கேட்ட நாட்களும் உண்டு.

மற்ற வகைகளை மொத்தமாகச் 'சிறு செல் அல்லாதவை' என்கிறார்கள். நூறு நுரையீரல் புற்றுநோயில் ஏறக்குறைய 85 இந்தக் கூட்டம்தான். சுரப்பி போலக் குழல் அமைக்கும் அடினோகார்சினோமா, தோல் போல அடுக்கடுக்காய் வளரும் செதிள் செல் வகை, இரண்டிலும் சேராத பெரிய செல் வகை. எதிர்வீட்டு மாமாவுக்கு இருந்தது அடினோகார்சினோமா, நுரையீரலின் ஓரத்தில். புகைக்காதவர்களுக்கு வந்தாலும் பெரும்பாலும் இந்த வகைதான்.

சரி, முதல் வரிக்கு வருகிறேன். கரி சேர்வது உண்மை. பிரேதப் பரிசோதனையில் கறுத்த நுரையீரலை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கரி கட்டியாவதில்லை. கட்டியாவது நம்முடைய சொந்த செல்.

சிகரெட் தாரில் பென்சோபைரீன் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது அப்படியே உட்கார்ந்திருந்தால் பெரிய கேடு இல்லை. உடம்பு அதைக் கழுவி வெளியேற்றப் பார்க்கிறது. தண்ணீரில் கரையும்படி மாற்ற நம் நொதிகள் அதைக் கடைகின்றன. அப்படிக் கடையும்போது நடுவில் ஒட்டும் குணமுள்ள ஒரு பொருளாகிவிடுகிறது. அது போய் டி.என்.ஏ.யில் 'ஜி' என்ற எழுத்தில் ஒட்டிக்கொள்ளும். செல் பழுதுபார்த்துவிட்டால் சரி. பழுதுபார்ப்பதற்குள் செல் இரண்டாகப் பிரிந்தால், படியெடுக்கும்போது 'ஜி' இருந்த இடத்தில் 'டி' விழுந்துவிடும். அதற்குப் பிறகு அது நிரந்தரப் பிழை. புகைத்தவர்களின் கட்டியில் இந்தப் பிழை திரும்பத் திரும்ப வரும். பி53 என்ற காவல் மரபணுவில் எந்த இடங்களில் இந்தப் பொருள் அதிகம் ஒட்டுகிறதோ, கட்டிகளில் அதிகம் பழுதாகியிருப்பதும் அதே இடங்கள்தான் என்று 1996இல் காட்டினார்கள்.

நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் ஒரு வருடம் புகைத்தால் ஒரு நுரையீரல் செல்லில் சுமார் 150 பிழைகள் சேரும் என்று 2016இல் வந்த ஒரு ஆய்வு கணக்கிட்டது. அண்ணன் புகைத்தது 45 வருடம். பெருக்கினால் செல்லுக்கு ஆறாயிரத்துச் சொச்சம். இதில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாத இடங்களில் விழுந்தவை. ஆபத்தானவை சில மட்டுமே, ஆனால் அவை எல்லாம் ஒரே செல்லில் வந்து சேர வேண்டும். அதற்குத்தான் இருபது முப்பது வருடம் ஆகிறது. "எங்கப்பா தொண்ணூறு வயசு வரைக்கும் புகைத்தாரே" என்பவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. புகைப்பவர் எல்லோரும் லாட்டரிச் சீட்டு வாங்குகிறார்கள், எல்லோருக்கும் விழுவதில்லை. ஆனால் வாங்கும் சீட்டு ஒவ்வொரு வருடமும் கூடிக்கொண்டே போகும்.

ஆஸ்பெஸ்டாஸின் வழி வேறு. அதன் இழையை நுரையீரலின் துப்புரவு செல்கள் விழுங்கப் பார்க்கும், நீளம் காரணமாக முடியாது. பத்து இருபது வருடம் அந்தப் போராட்டம் புண்ணாகக் கனிந்துகொண்டே இருக்கும். அதில் பிறக்கும், தொட்டதையெல்லாம் தாக்கும் ஆக்சிஜன் பொருட்கள் டி.என்.ஏ.யை அரிக்கும். புகையும் சேர்ந்தால் ஆபத்து கூட்டுவதில்லை, பெருக்குகிறது. 2008இல் இந்த நாட்டில் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தார்கள். எழுபதுகளில் மூச்சில் போன இழைக்கு அந்தத் தடை என்ன செய்யும்?

இனித்தான் இரண்டு வகையும் பிரியும் இடம். செதிள் வகை படிப்படியாக வரும். மூச்சுக்குழாயின் உட்புறம் மயிரிழை போன்ற நுனிகள் கொண்ட செல்கள் இருக்கும். புகை பட்டுப் பட்டு அவை போய் தடித்த தட்டைச் செல்கள் வரும், அப்புறம் அவை ஒழுங்கிழக்கும், அப்புறம் கீழ் எல்லையைத் தாண்டாத புற்று, அப்புறம் தாண்டிய புற்று. ஆரம்பப் படிகளில் புகையை விட்டால் பின்வாங்கவும் கூடும். சிறு செல் வகைக்கு அப்படி அடையாளம் காணக்கூடிய முன்படி கிடையாது. மூச்சுக்குழாய்ச் சுவரில் அங்கங்கே இருக்கும், நரம்பின் குணமும் சுரப்பியின் குணமும் கலந்த செல்களிலிருந்துதான் இது பெரும்பாலும் கிளம்புகிறது. பி53, ஆர்பி1 என்ற இரண்டு பிரேக்கும் ஏறக்குறைய எல்லாச் சிறு செல் கட்டியிலும் அறுந்திருக்கும். இரண்டும் அறுந்த பிறகு சரிவில் விட்ட வண்டிதான். செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றனவா என்று காட்டும் கி-67 சாயத்தில் அண்ணனின் சில்லு ஏறக்குறைய முழுக்கப் பழுப்பாக இருந்தது. நூற்றில் தொண்ணூறு செல் பிரிந்துகொண்டிருந்தது.

அந்தச் சுரப்பிக் குணம்தான் அவருடைய சோடியத்தையும் குறைத்தது. சிறுநீரை அடக்கும் ஹார்மோனைக் கட்டியே சுரந்தது. உடம்பில் தண்ணீர் தங்கி உப்பு நீர்த்துப் போனது. நெஞ்சின் நடுவில் வளர்ந்து பெரிய இரத்தக்குழாயை நெருக்கியதால் முகம் வீங்கியது. கண்டுபிடித்தபோது கல்லீரலிலும் இருந்தது. சிறு செல் வகையில் மூன்றில் இரண்டு பேர் இப்படிப் பரவிய பிறகுதான் வருகிறார்கள். நெஞ்சில் இருப்பதை வெட்டி எடுத்தாலும், ஏற்கனவே கிளம்பிப் போன செல்லை எந்தக் கத்தியும் தேடிப் பிடிக்காது. அதனால்தான் வெட்டவில்லை. காசு காரணமே இல்லை. நிணநீர்க் கணுவுக்குக்கூடப் போகாத மிகச் சின்னக் கட்டியாக, தற்செயலாக அகப்பட்டால் மட்டும் சிறு செல்லையும் வெட்டுவதுண்டு, அது அபூர்வம்.

அவருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிஸ்பிளாட்டினும் எட்டோபோசைடும் ஏற்றினார்கள். இரண்டாவது தவணைக்குள் வீக்கம் வடிந்து, வீட்டில் மட்டன் கறி கேட்டுச் சாப்பிட்டார். வேகமாகப் பிரியும் செல்லைத்தான் அந்த மருந்து நன்றாகக் கொல்லும், அதனால் முதலில் கட்டி கரைவது வழக்கம். குணமாகிவிட்டது என்று நேர்த்திக்கடன்கூடச் செலுத்தினோம். மருந்துக்கு அசையாத கொஞ்சம் செல் மிஞ்சியிருந்தது. பதினோராம் மாதம் மூளையில் வந்து, போய்விட்டார்.

ஆகவே என் வேண்டுகோள்: 'சிறிய புற்றுநோய், பெரிய புற்றுநோய்' என்ற வரியை எடுத்துவிட்டு இப்படிப் போடுங்கள்: 'சிறு செல் வகை, சிறு செல் அல்லாத வகை. சிறு என்பது செல்லின் அளவு, நோயின் அளவு அல்ல. சிறு செல் வகை மிக வேகமாகப் பரவும். அதற்குப் பெரும்பாலும் மருந்தும் கதிர்வீச்சும்தான், அறுவை அல்ல. மற்ற வகையைப் பரவுவதற்கு முன் கண்டால் அறுவை செய்யலாம்.' கரி பற்றிய வரிக்குப் பதிலாக, 'புகையிலுள்ள பொருட்கள் செல்லின் மரபணுவில் பிழைகளை வருடக்கணக்கில் சேர்க்கின்றன' என்று போதும். கீழே இடம் இருந்தால் இன்னொரு வரி: டி.பி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் இரண்டு மாதத்தில் தேறவில்லை என்றால், முகமோ கழுத்தோ வீங்கினால், திரும்பப் போய் ஸ்கேன் கேளுங்கள் என்று.

அச்சுக்குப் போகுமுன் தமிழ்ப் பக்கத்தை ஒருமுறை எனக்கு அனுப்புங்கள், ஒரே நாளில் திருத்தித் தருகிறேன். அண்ணிக்கும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திசு ஆய்வகப் பணியாளர்,
மியர்பேங்க், டர்பன்