ஆயிரம் வத்திக்கு எத்தனை நிமிடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்கள் வீட்டிலிருந்தபடியே சம்பாதிப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஊதுவத்தி உருட்டினால் ஒரு நாளைக்கு 400 ரூபாய் வரை பார்க்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் வீட்டில் உருட்டக் குச்சி மூட்டை கொடுக்கும் ஏஜென்டுகள் எல்லாரும் சொல்கிற கணக்குத்தான் அது. பத்தொன்பது வருடம் குச்சி உருட்டியவள் நான். அப்புறம் எங்கள் குழுவுக்கு ஒரு பாக்கிங் ஆர்டர் வந்தபோது மற்றவர்களுக்குக் கூலி சொல்ல வேண்டிய இடத்திலும் உட்கார்ந்தேன். அதே தப்பை நானும் செய்ததால்தான் இதை எழுதுகிறேன்.

ஏஜென்ட் கணக்கு இப்படி: தெருவிலேயே கை வேகமான பெண்ணைக் காலையில் பலகை முன் உட்கார வைத்துப் பார்ப்பார்கள். நூறு குச்சி ஏழரை நிமிடத்தில் முடியும். அப்படியென்றால் ஆயிரத்துக்கு 75 நிமிடம், எட்டு மணி நேரத்தில் 6,400 குச்சி. நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்தால் ஆயிரத்துக்கு 62 ரூபாய் 50 காசு. ‘நாங்கள் 55 தருகிறோம், கொஞ்சம்தானே குறைவு’ என்பார்கள். காகிதத்தில் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும்.

போன ஆடி மாதம் என் மகளின் போனில் ஸ்டாப் வாட்ச்சை வைத்துக்கொண்டு எங்கள் தெருவில் நாலு பேரை அளந்தேன். எந்த நூறு குச்சியை அளக்கிறேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் கை தானாக வேகம் பிடிக்கும். காலை, உச்சி வெயில், மூன்று மணி, விளக்கு வைத்த பிறகு என்று நாலு வேளையும் எடுத்தேன். சின்னப் பெண்ணுக்குக் காலையில் ஏழரை நிமிடம். அவளுக்கே மூன்று மணிக்கு ஒன்பது ஆனது. காலையில் பிசைந்த மாவு அதற்குள் இறுகிவிடுகிறது. தண்ணீர் தெளித்து மறுபடி பிசைய வேண்டும், கொஞ்சம் கூடிவிட்டால் குச்சியில் நிற்காமல் வழுக்கும். மற்ற இருவருக்குச் சராசரி பதினொன்று. அறுபதைத் தாண்டிய அக்காவுக்குப் பதினாலு. கூலியை நிர்ணயிக்க எடுக்க வேண்டியது அந்தப் பதினொன்றைத்தான். ஏழரையை எடுத்தால் தெருவில் ஒருத்திக்கு மட்டும்தான் கூலி கட்டும்.

ஏஜென்ட் நோட்டில் ஒரு வீட்டுக் கணக்கில் நாளைக்கு ஆறாயிரம் என்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்த வீட்டில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்ணும் மாமியாரும் சேர்ந்து உட்காருவார்கள். நோட்டில் பெயர் மட்டும் ஒருத்தியுடையது.

உருட்டுவது வேலையின் ஒரு பகுதிதான். 5,000 குச்சி உள்ள ஒரு மூட்டையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை எழுதிப் பார்த்தேன். குடோனுக்குப் போய் மூட்டையும் பொடியும் வாங்கி வருவது, பிறகு முடித்ததைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் நிற்பது, இரண்டுக்கும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம். கரித்தூளையும், ஒட்டுவதற்கான ஜிகட் பொடியையும் சலித்துப் பிசைய நாற்பது நிமிடம். உருட்ட ஒன்பது மணி பத்து நிமிடம். மொட்டை மாடியில் பரப்பி, திருப்பிப் போட்டு, அள்ள ஐம்பது நிமிடம். எண்ணிக் கட்ட நாற்பது நிமிடம். ஒரே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உள்ளங்கையை அழுத்தித் தேய்க்கிற வேலை இது. நடுவில் எழுந்து இடுப்பை நிமிர்த்தாமல் யாராலும் முடியாது. மில்லில் வேலை நேரத்தை அளக்கிறவர்கள்கூட இதற்கென்று ஒரு பங்கு நேரம் சேர்ப்பார்கள். உருட்டும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 55 நிமிடம் சேர்த்தேன். மொத்தம் பதின்மூன்றரை மணி நேரம்.

திருப்பிக் கொடுத்த 5,000இல் 200 குச்சியைக் கழித்துவிட்டார்கள். காசு வந்தது 4,800க்கு மட்டும். பதின்மூன்றரை மணியை அந்த 4,800க்குப் பிரித்தால் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 2 மணி 50 நிமிடம் வருகிறது. ஏஜென்ட் சொல்வது 75 நிமிடம்.

அதே 400 ரூபாய் நாள் கூலியை எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 50. ஆக ஆயிரம் வத்திக்கு 141 ரூபாய் வர வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது 55. மணிக்கு இருபது ரூபாயைக்கூடத் தொடவில்லை. ஷேர் ஆட்டோவுக்குப் போக வர 60 ரூபாய் ஆனதை இதில் நான் கழிக்கவே இல்லை. (400 என்பது கணக்குக்கு வசதியாக எடுத்த எண். உங்கள் ஊரில் இந்த வேலைக்கு அரசு அறிவித்திருக்கும் கூலியை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.)

கழிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சண்டை வருவது அங்கேதான். கழித்த குச்சியைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தப்பு யாருடையது என்று பாதி தெரிந்துவிடும். ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெலிவாகவும் இருந்தாலோ, பிடிக்கிற இடத்தில் விட்ட வெற்றுக்குச்சி ஒன்றுக்கொன்று நீளம் மாறியிருந்தாலோ அது எங்கள் கை. காய்ந்த பிறகு நீளவாக்கில் வெடித்து, தட்டினால் பொரிப்பொரியாக உதிர்ந்தால், பெரும்பாலும் ஜிகட்டைக் குறைத்துக் கரியை ஏற்றிய பொடி. ஒட்டுவதற்கே அந்த ஜிகட்தான் இருக்கிறது. விலை அதிகமானதும் அதுதான், முதலில் குறைப்பதும் அதைத்தான். நேரடி வெயிலில் அவசரமாகக் காய வைத்தாலும் வெடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் ஒரே பொடியை வாங்கிய மூன்று வீட்டில் பார்க்க வேண்டும். மூன்று வீட்டிலும் வெடித்தால் குற்றம் பொடியில்தான். வளைந்த மூங்கில் குச்சி வந்தால் உருட்டும் முன்பே தனியாக எடுத்து வைத்து எண்ணிக் கொடுத்துவிட வேண்டும். உருட்டிய பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

என் ஆதங்கம் வேறு. கழித்ததாகச் சொல்லிக் காசு பிடித்த குச்சியை எங்களிடம் திருப்பித் தருவதில்லை. அதுவும் குடோனிலேயே ஒரு மூலைக்குப் போகிறது. காசு கொடுக்காத சரக்கு எங்களுக்குத் திரும்ப வர வேண்டும், இல்லையென்றால் எங்கள் கண்ணெதிரே ஒடித்துப் போட வேண்டும். ஒடிக்க மனம் வராத சரக்கு என்றால் அது விற்கிற சரக்குத்தானே? பீடிக்கு இந்த மாதிரிக் கழிவுக்கு வரம்பு கட்டி விதி வைத்தார்கள். வத்திக்கு அப்படிக் கேட்க ஆளில்லை.

இப்போது என் தப்பு. எங்கள் குழுவுக்கு காராபூந்தியை 25 கிராம் கவரில் போட்டு, மெழுகுவத்திச் சுடரில் வாய் ஒட்டித் தரும் ஆர்டர் வந்தது. நானே பத்து நிமிடம் போட்டுப் பார்த்து, அதை வைத்து நூறு கவருக்குக் கூலி சொல்லிவிட்டேன். 10 கிலோ கொடுத்தால் 400 கவர் வர வேண்டும் என்றும் சொன்னேன். எல்லோருக்கும் 380 சொச்சம்தான் வந்தது. குறைந்ததற்குக் காசு பிடித்தேன். திருட்டா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன், அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது. பார்த்தால், நான் கொடுத்த கரண்டியில் ஒரு தடவைக்கு 26 கிராம் விழுகிறது. அந்த ஒரு கிராமில் பத்து கிலோவுக்கு 16 கவர் போய்விடுகிறது. அடியில் தங்கும் தூள் வேறு. கரண்டி என்னுடையது, பிடித்தம் அவர்களுடையது. பிறகு ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கி வைத்து, எண்ணிக்கையைக் கவரில் பார்க்காமல், கொடுத்த எடைக்கும் வந்த எடைக்கும் தூளுக்கும் சேர்த்துப் பார்த்தோம். பிடித்ததைத் திருப்பிக் கொடுத்தேன்.

141 ரூபாய் கேட்டால் கம்பெனி மெஷினுக்குப் போய்விடும் என்பார்கள். பொய்யில்லை. ஒரு மெஷின் ஒரு மணி நேரத்தில் தள்ளும் குச்சியைக் கையால் முடிக்க எங்களுக்கு நாள்கணக்கில் ஆகும். இருபது குச்சி கொண்ட பாக்கெட் என்றால் ஆயிரத்துக்கு ஐம்பது பாக்கெட். 55க்கும் 141க்கும் உள்ள வித்தியாசம் பாக்கெட்டுக்கு 1 ரூபாய் 72 காசு. பத்து ரூபாய் பாக்கெட்டில் அது சின்னத் தொகை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். வாசனையை மாவிலேயே கலந்து கையால் உருட்டும் விலை கூடிய வத்தியில் அது பெரிய தொகையும் இல்லை. இரண்டுக்கும் ஒரே கூலி பேசுவதுதான் எனக்குப் புரியவில்லை.

கூலியை ஏற்றாமலே நேரத்தைக் குறைக்க வழி உண்டு. மூட்டையை ஏஜென்ட் வண்டியிலேயே தெருவுக்குக் கொண்டு வந்து போட்டு, முடித்ததையும் அங்கேயே எண்ணி எடுத்துக்கொண்டால் ஒன்றேகால் மணி நேரமும் ஆட்டோ காசும் மிச்சம். ஆயிரம் வத்திக்கு எங்களுக்கு அதுவே 25 ரூபாய்க்குச் சமம். இருபது வீட்டுக்கு அவருக்கு ஒரே நடை.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்றும் விசாரித்தேன். 1948ஆம் வருடத்துக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், சரக்கை வாங்கிப் போய் வீட்டில் செய்து தருபவரையும் தொழிலாளி என்றே சொன்னது. பீஸ் ரேட்டில் வேலை செய்தாலும், அந்த வேலைக்கு நேரக் கூலி மட்டும்தான் அறிவித்திருந்தால் அதற்குக் குறையக் கூடாது என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இந்த இரண்டாவது விதி இருக்கிறது. ஆனால் வீட்டில் செய்து தருபவர் என்று பழைய சட்டத்தில் பச்சையாக இருந்த வரியை அதில் காணோம். வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்ற வரையறை சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குப் போயிருக்கிறது. கூலி கேட்கும் இடத்தில் அந்த வரி இருந்திருக்க வேண்டும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டிலிருந்து செய்து தரும் வேலை பற்றி வெளியிட்ட பரிந்துரையில், மின்சாரம், தண்ணீர் போன்ற செலவுக்கும், பிரித்து எடுப்பது, கட்டுவது போன்றவற்றுக்கு ஆகும் நேரத்துக்கும் தனியாக ஈடு தர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். என் நோட்டில் இருப்பதும் அதுதான்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஏழு பேர் ஏஜென்டிடம் போனோம். பதின்மூன்றரை மணி என்றதும் சிரித்தார். ‘அப்ப உங்க வீட்டம்மாவை ஒரு மூட்டை உருட்டச் சொல்லுங்க, நாங்க வாட்ச் பிடிக்கிறோம்’ என்றாள் அந்தச் சின்னப் பெண். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. 55ஐ 70 ஆக்கினார். வாரம் இரண்டு நாள் மூட்டை தெருமுனைக்கு வருகிறது. கழித்த குச்சியைத் திருப்பித் தருவதற்கு மட்டும் இன்னும் ‘கம்பெனியைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குடியாத்தம்.