பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு: சேலையோடு சேர்த்து அந்தக் கொமெண்ட்களையும் விசாரியுங்கள்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். அக்கா மகளின் கலியாணத்துக்காக ஒரு முகநூல் பக்கத்தில் 18,500 ரூபா கட்டிப் பட்டுச்சேலை எடுத்தேன். படத்தில் இருந்தது பட்டு, பொதியில் வந்தது பொலியெஸ்டர். காசைத் திருப்பிக் கேட்டதும் என்னை புளொக் செய்துவிட்டார்கள்.

நான் நம்பியது படத்தை அல்ல, கீழே இருந்த 46 கொமெண்ட்களைத்தான். அதனால் அக்காவின் கணினியில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முகநூல் முதலில் Most relevant என்று பொறுக்கித்தான் காட்டும். அதை All comments என்று மாற்ற வேண்டும். ஒவ்வொன்றின் நேரத்தின் மேலும் மவுஸை வைத்தால் நாளும் மணியும் சரியாகத் தெரியும்.

29 பாராட்டுகள் ஒரு செவ்வாய் இரவு 11.10க்கும் 11.50க்கும் இடையில் விழுந்திருந்தன. மீதி 17 மூன்று வாரமாகச் சிதறிக் கிடந்தன. அந்தப் 17 பேரும் “நீலத்தில் இருக்கா?”, “யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவீங்களா?” என்று கேட்டிருந்தார்கள். 29 பேரில் ஒருவர்கூட எதையும் கேட்கவில்லை. அவர்களில் ஆறு பேர் “நம்பி வங்கலாம்” என்று ஒரே பிழையோடு எழுதியிருந்தார்கள்.

அந்தப் பாராட்டுகள் போலி என்று சொல்ல இதுவும் போதாது என்று எனக்குத் தெரியும். கொமெண்ட் போட்டால் பரிசு என்று அறிவித்தாலும் ஒரே இரவில் கூட்டம் வரும். பூட்டிய கணக்கு, பூப்படம் என்பதை வைத்துப் போலி என்று சொல்லவே கூடாது. எங்கள் பெண்கள் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். என் அம்மாவின் கணக்கில் இருப்பது நல்லூர் முருகன் படம்.

எனவே 29 பேரில் பத்துப் பேரை எடுத்தேன். அவர்களில் பூட்டாத இரண்டு கணக்குகள் ஏசி திருத்தும் பக்கமொன்றையும் ஆங்கில வகுப்புப் பக்கமொன்றையும் பகிர்ந்திருந்தன. அங்கே போய்ப் பார்த்தேன். பத்தில் எட்டுப் பேர் இரண்டு இடத்திலும் கொமெண்ட் போட்டிருந்தார்கள், ஒவ்வொரு இடத்திலும் அரை மணி நேரத்துக்குள். சேலை வாங்குபவர் ஏசியும் திருத்துவார், சரி. எட்டுப் பேரும் ஒன்றாகவே மூன்று இடத்துக்கும் போவார்களா? எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் வலுவான சான்றாகப்படுகிறது.

ஆனால் அவர்களுக்குக் காசு கொடுத்தது யார் என்று வெளியிலிருந்து பார்க்கும் என்னால் சொல்ல முடியாது. கடைக்காரரா, அவர் விளம்பரத்துக்கு அமர்த்திய ஆளா என்பதை நீங்கள்தான் கேட்டறிய வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் 30ஆம் பிரிவில் பாவனையாளரை ஏமாற்றும் வியாபார நடத்தையைத் தடை செய்கிறது. பொய்ப் பாராட்டைக் காட்டி விற்பதும் அதற்குள் வரும் என்றே நான் வாதிடுகிறேன். தயவுசெய்து சேலையின் தரத்தோடு மட்டும் விசாரணையை நிறுத்த வேண்டாம்.

கடைக்காரருக்கு அறிவித்தல் போகும் முன்பே அந்தப் பக்கத்தை நீங்கள் பதிவு செய்து வையுங்கள். கொமெண்ட்களை அழிக்க ஒரு நிமிடம் போதும். மூன்று பக்கங்களின் ஸ்கிரீன்ஷொட்களையும், நேரத்தோடும் கணக்குகளின் முகவரியோடும், முறைப்பாட்டுடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தைப் பாவனையாளர் ஒருத்தி