ஓலை வாசிப்பதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

அந்தத் தம்பியைப் பற்றி நீ போனில் சொன்னதிலிருந்து அம்மாவும் நானும் அதையேதான் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் கத்தோலிக்கக் குடும்பம் என்பதில் எனக்கு வருத்தமில்லை. "அதையெல்லாம் கல்யாணப் பேச்சு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்றாயே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

நீ மதம் மாறாமலேயே தேவாலயத்தில் திருமணம் செய்யலாம். ஆனால் பங்குத்தந்தை வழியாக ஆயரின் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அந்தத் தம்பி ஓர் உறுதிமொழி தர வேண்டும்: தன் விசுவாசத்தைக் கைவிடமாட்டேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் இயன்றதெல்லாம் செய்வேன் என்று. திருச்சபைச் சட்டம் உன்னிடம் அப்படி எதையும் கேட்பதில்லை. அவர் இப்படி உறுதி கொடுத்திருக்கிறார் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே அம்மாவோ, பேரப்பிள்ளைக்கு முதல் மொட்டை நம் சாஸ்தா கோயிலில்தான் என்று இப்போதே முடிவு செய்துவிட்டாள்! பிள்ளை பிறந்த பிறகு இந்த இரண்டும் நேருக்கு நேர் வந்தால், நடுவில் நிற்கப்போவது நீதான். அந்த உறுதிமொழியை மனதார நினைத்துக் கொடுப்பாரா, சடங்குக்காகவா என்று அவரிடமே கேள். "பிள்ளை வளர்ந்து தானே முடிவு செய்யட்டும்" என்று சொன்னால் விட்டுவிடாதே. அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை எங்கே போகும் என்று கேள்.

பதிவுத் திருமணம் போதும் என்று நீ நினைக்கலாம். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி அது செல்லும், யாரும் மதம் மாற வேண்டியதில்லை. ஆனால் ஆயரின் அனுமதி இல்லாமல் செய்தால் திருச்சபை அதைத் திருமணமாகவே ஏற்காது. அவர் நற்கருணை வாங்க முடியாமல் போகும். அவருடைய தாயார் அழுதால் அதற்காகவும் இருக்கலாம். நாம் அதை உன்மேல் உள்ள வெறுப்பு என்று எடுத்துக்கொள்வோம்.

சாதியையும் கேட்டுவிடு. ஞானஸ்நானம் பெற்ற வீடுகளிலும் சம்பந்தம் என்று வந்தால் சாதி பார்ப்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. நம் வீட்டைச் சொல்லவே வேண்டாம், உன் பெரியப்பா ஒருவர் போதும்.

எந்த வழியில் போனாலும் இதை ஒளிக்க முடியாது. பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்தால் 30 நாள் ஒட்டிவைப்பார்கள். தேவாலயத்தில் திருப்பலியின்போது, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று எல்லார் முன்னிலும் ஓலை வாசிப்பார்கள். உறவுக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுச் சொல்லி அவருடைய அப்பாவுக்குத் தெரிவதைவிட, மகன் வாயால் கேட்பது நல்லது. அவர் தன் வீட்டில் இன்னும் வாய் திறக்கவில்லை என்றாயே, ஏன் என்று கேட்டாயா?

பொங்கலுக்கு வரும்போது அவருடைய பதில்களோடு வா. அம்மாவிடம் மொட்டை விஷயத்தை நான் பேசுகிறேன். பெரியப்பாவிடம் மட்டும் நீ இப்போது ஒன்றும் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா