பாக்கெட்டில் இருந்த தாள்

கண்ணு,

நேற்று ராத்திரி போனில் நீ அழுதது காதிலேயே நிற்கிறது. பாப்பாவின் போனில் அந்தப் பையனுடைய மெசேஜைப் பார்த்துவிட்டாய், அவளுக்கு இன்னும் 14 கூட முடியவில்லை, சரி. உனக்கே முழுசாகத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

நீ ஒன்பதாவது படிக்கும்போது துவைக்க எடுத்த உன் யூனிஃபார்ம் பாக்கெட்டில் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. கணக்கு நோட்டில் கிழித்தது, பக்கம் முழுக்க ஒரே பெயர். எனக்குக் கை நடுங்கியது, உன் பையைக் கொட்டித் தேடலாமா என்றுகூடத் தோன்றியது. ஒரு கடிதத்துக்காக என் அம்மா தெருவே கேட்க என்னை அடித்து டைப்ரைட்டிங் வகுப்பை நிறுத்தினாள், அதற்கப்புறம் நான் அவளிடம் மனசுவிட்டு எதுவுமே பேசியதில்லை. அது ஞாபகம் வந்ததும் தாளை அங்கேயே வைத்துவிட்டு, "துணி போடுறதுக்கு முன்னாடி பாக்கெட்டைப் பார்த்துக்கோ" என்று மட்டும் சொன்னேன். நீ ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து முருங்கைக்கீரை ஆயும்போது, உன் வயதில் எதிர்வீட்டுப் பையனைப் பார்த்தால் எனக்கு வயிறு என்னவோ செய்யும் என்று நானாகவே சொன்னேன். நீ தலை நிமிராமல் "அப்புறம்?" என்றாய். கீரை முடிவதற்குள் பெயர் வந்துவிட்டது. எதிரெதிரே உட்கார வைத்து விசாரித்திருந்தால் வந்திருக்காது.

தப்பும் செய்தேன். உன்னைக் கேட்காமல் அப்பாவிடம் சொன்னேன், அவர் பாசமாகத்தான் சாப்பிடும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்தார். நீ பாதித் தட்டோடு எழுந்து போனாய், ஒரு மாசம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அதனால் மாப்பிள்ளையிடம் சொல்வதாக இருந்தால் பாப்பாவிடம் முதலில் சொல்லிவிட்டுச் சொல், கிண்டல் கூடவே கூடாது.

மெசேஜைப் பார்த்ததை மறைக்காதே. "பார்த்துட்டேன், கேட்காம பார்த்தது தப்பு" என்று நீயே சொல்லிவிடு. ராத்திரி பத்து மணிக்குப் போனை ஹாலில் வைக்கணும் என்றால் உன் போனும் அங்கே இருக்கட்டும், அப்போதுதான் அவளுக்கு அது தண்டனையாகத் தெரியாது. பையன் எந்த வகுப்பு, அவளிடம் எப்படிப் பேசுகிறான், அவனோடு பேசிவிட்டு வந்தால் சந்தோஷமாக இருக்கிறாளா, பயந்து போயிருக்கிறாளா? இவ்வளவு தெரிந்தால் போதும். கூடப் படிக்கிற பையன் என்றால் விட்டுவிடு, உன்னுடையது அரைப்பரீட்சை லீவோடு போய்விட்டது. ஆனால் வயதில் ரொம்பப் பெரியவன், போட்டோ கேட்கிறான், அம்மாவிடம் சொல்லாதே என்கிறான், மிரட்டுகிறான் என்றால் அதற்குப் பெயரே வேறு. அப்போது காத்திருக்காமல் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குக் கூப்பிடு. கோபத்தில் மெசேஜை அழித்துவிடாதே, சாட்சி அதுதான். அவளைத் திட்டினால் மிச்சத்தைச் சொல்ல மாட்டாள்.

பேசிவிட்டு எனக்குப் போன் பண்ணு. அவள் என்ன சொன்னாள் என்று சொல்ல வேண்டாம், சாப்பிட்டாளா என்று மட்டும் சொல்.

அம்மா