அப்பாவின் வைப்புத்தொகையும் விடுபட்டுப்போன ஒரு பெயரும்

அன்புள்ள கண்ணு,

அப்பாவின் வாரிசுச் சான்றிதழ் வந்துவிட்டது. ஆனால் அதை இன்னும் வங்கியில் கொடுக்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் வைப்புப் பேரேடு எழுதிய பழக்கத்தில், சான்றிதழையும் இரண்டு வைப்பு ரசீதுகளையும் அருகருகே வைத்துப் பெயர் பெயராகப் பார்த்தேன்.

பழைய ரசீது, அப்பா எங்கள் திருமணத்துக்கு முன் தொடங்கிப் புதுப்பித்துக்கொண்டே வந்தது. அதில் நியமனதாரர் உன் அப்பத்தா, உறவு, ‘தாய்’. சான்றிதழிலோ நான், நீ, தம்பி என மூவர்தான் இருக்கிறோம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தபோது, காங்கேயத்தில் தனியாக இருக்கும் அப்பத்தாவின் பெயரைத் தம்பி சேர்க்கவில்லை. மனைவியும் மக்களும்தான் வாரிசு என்று நினைத்துவிட்டான். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த மகனுக்குத் தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவி, மகன், மகள் ஆகியோருக்குச் சமமான பங்கு அவருக்கும் உண்டு.

பழைய வைப்பை நியமனத்தின் பேரில் அப்பத்தாவே பெறலாம். ஆனால் நியமனதாரர் வாரிசுகள் எல்லோருக்குமாகப் பெறுபவரே தவிர முழு உரிமையாளர் அல்லர். நியமனம் இல்லாத இரண்டாவது வைப்பு ஆறு லட்சம். இந்தச் சான்றிதழைக் கொடுத்தால் அது மூன்றாகப் பிரிந்து, ஆளுக்கு இரண்டு லட்சம் நம் கைக்கு வரும். உண்மையில் அது நான்காகப் பிரிய வேண்டிய பணம். ஒன்றரை லட்சம் அப்பத்தாவுடையது. மகனை இழந்த எண்பது வயதுத் தாயின் பங்கை நாம் தெரியாமல்கூட எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால் அப்பத்தாவின் ஆதார் நகலை வைத்து, சான்றிதழைத் திருத்தித் தருமாறு வட்டாட்சியருக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.

இன்னொரு வேறுபாடு சிறியது. ரசீதில் அப்பா ‘பழனிசாமி’, சான்றிதழில் ‘பழனிச்சாமி’. இறந்தவரின் வைப்புப் பதிவை இனி மாற்றும்படி கேட்பது பொருந்தாது. அப்பாவின் ஆதாரிலும் ‘பழனிசாமி’ என்றே இருப்பதால், சான்றிதழில் இதையும் சேர்த்துத் திருத்தச் சொல்லியிருக்கிறேன். இறப்புச் சான்றிதழில் ‘ச்’ இருக்கிறது. அதற்காக இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிவைக்கிறேன்.

உன் பெயரிலும் ஒன்று இருக்கிறது. சான்றிதழில் உனக்கு அப்பாவின் தலைப்பெழுத்து. கடவுச்சீட்டில் மாப்பிள்ளையின் பெயர் சேர்ந்திருக்கிறது. உறவு ‘மகள்’ என்று சரியாகவே இருப்பதால் அது தவறில்லை, ஆனாலும் இரண்டும் நீதான் என்று காட்ட உன் திருமணப் பதிவுச் சான்றின் நகல் தேவைப்படும். அதையும் கடவுச்சீட்டின் முதல், கடைசிப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து இந்த வாரத்துக்குள் அனுப்பிவிடு. கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரும்போது அப்பத்தா வீட்டிலேயே நானும் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா